கார்த்திகை தீபத்துக்கு மறுநாள்: எண்ணெய், மெழுகு, குங்குமக் கறைகளை எடுப்பது எப்படி?

கார்த்திகை தீபம் முடிந்த மறுநாள் காலையில் பெரும்பாலான வீடுகளில் ஒரே காட்சிதான். வாசல்படியில் அகல் இருந்த இடமெல்லாம் கருத்த வட்டம். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் உருகி வழிந்து உறைந்த மெழுகு. கூடத்து டைல்ஸ் இடுக்குகளில் குங்குமச் சிவப்பு. விளக்கேற்றிய வேட்டியிலும் முந்தானையிலும் எண்ணெய்த் திட்டு. இதைப் பார்த்ததும் ஒரு வாளி தண்ணீரும் துடைப்பமும் எடுக்கத்தான் கை போகும். அதுதான் கூடாது. எண்ணெய், மெழுகு, குங்குமம் மூன்றுக்குமே தண்ணீர் கடைசியில்தான் வர வேண்டும்.

காரணம் எளிது. எண்ணெயும் மெழுகும் தண்ணீரில் கரையாது. தண்ணீர் ஊற்றினால் எண்ணெய் மிதந்து, நான்கு அங்குல வட்டமாக இருந்தது ஒரு அடிக்குப் பரவும். குங்குமம் உலர்ந்த தூளாக இருக்கும்வரை பிரஷ்ஷால் தள்ளினாலே வந்துவிடும். நனைந்தால் அதன் நிறம் தரையின் நுண்துளைக்குள்ளும் துணியின் நூலுக்குள்ளும் இறங்கிவிடும். விளக்கில் குங்குமப் பொட்டு வைக்கிறோம், அந்த விளக்கில் எண்ணெய் கசிகிறது. அதனால் வீட்டில் பார்க்கிற கறைகளில் பாதி, எண்ணெயும் குங்குமமும் சேர்ந்த கலவை. எண்ணெய் இருக்கும்வரை அது நிறத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆகவே முதலில் உலர்ந்த தூள், பிறகு எண்ணெய், கடைசியில் நிறம். இந்த வரிசை மட்டும் மாறக்கூடாது.

எப்போது தொடங்குவது? மறுநாள் காலையிலேயே. நல்லெண்ணெய் காற்றுபட்டு மெல்ல மெல்லப் பிசினாக இறுகும் தன்மை உள்ளது. விளக்கின் சூடு பட்ட இடத்தில் இது இன்னும் வேகமாக நடக்கும். ஒரு வாரம் கழித்துத் தொட்டுப் பார்த்தால் கையில் ஒட்டுகிற பிசுக்காக இருப்பது இதனால்தான். விளக்கெண்ணெய் அப்படி இறுகாது. ஆனால் கெட்டியாக இருப்பதால் ஒற்றி எடுக்க நேரமாகும். மாடியில் மெழுகு இருந்தால் அதற்கும் காலைதான் நல்லது. கார்த்திகை மாதத்துக் குளிர்ச்சியில் மெழுகு இறுகி இருக்கும், வெயில் ஏறினால் இளகி சிமெண்டுக்குள் இறங்கும். வடகிழக்குப் பருவமழை பெய்கிற மாதம் என்பதையும் மறக்க வேண்டாம். மழை வரும்போல் இருந்தால் மாடியில் சிந்திய குங்குமத்தை முதல் வேலையாகப் பெருக்கிவிடுங்கள்.

தொடங்கும் முன் இரண்டு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள்

ஒன்று, உங்கள் தரை எது என்பது. கண்ணாடிபோல வழவழப்பான செராமிக், விட்ரிஃபைடு டைல்ஸ் மேல் எண்ணெய் உள்ளே இறங்காது. அவற்றின் இடையே உள்ள சிமெண்டுப் பூச்சு மட்டும்தான் பிரச்சினை. மார்பிள், கிரானைட், சிமெண்டுத் தரை, ரெட் ஆக்சைடு தரை, ஆத்தங்குடிக் கல் எல்லாம் நுண்துளை உள்ளவை. அவற்றில் எண்ணெய் உள்ளே போகும்.

இதில் ஒரு முக்கியமான எச்சரிக்கை இருக்கிறது. மார்பிள், சிமெண்ட், ரெட் ஆக்சைடு, ஆத்தங்குடிக் கல் ஆகியவற்றில் எலுமிச்சை, வினிகர், கழிவறை ஆசிட் எதுவும் படக்கூடாது. மார்பிளும் சிமெண்டும் சுண்ணாம்பு சேர்ந்த பொருள்கள். அமிலம் பட்டால் மேற்பரப்பையே அரித்துவிடும். மார்பிளில் எலுமிச்சை பட்ட இடத்தில் பளபளப்புப் போய் வெளிறிய மங்கல் தெரியும். பலர் அதைக் கறை என்று நினைத்து மீண்டும் மீண்டும் தேய்ப்பார்கள். அது கறை இல்லை, கல்லின் தோல் போன இடம். எதைப் போட்டுக் கழுவினாலும் போகாது, பாலிஷ் போடுகிறவரைத்தான் கூப்பிட வேண்டும்.

இரண்டாவது, உங்கள் வீட்டுக் குங்குமம் எந்த வகை என்பது. மஞ்சளோடு சுண்ணாம்போ வெண்காரமோ சேர்த்துச் செய்த பழைய முறைக் குங்குமம் ஒன்று. மாவுத்தூளில் செயற்கைச் சாயம் ஏற்றியது இன்னொன்று. கடையில் பாக்கெட்டில் கிடைப்பதில் இரண்டாவது வகையும் நிறைய உண்டு. இரண்டும் சிவப்புதான், ஆனால் கறை எடுக்கும் வழி வேறு.

சோதிப்பது சுலபம். ஒரு சிட்டிகைக் குங்குமத்தை வெள்ளை டிஷ்யூவில் வைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். அதன்மேல் இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள். சிவப்பு மாறி மஞ்சள் ஆனால் அது மஞ்சள் குங்குமம். மஞ்சளில் உள்ள நிறப்பொருள் காரம் பட்டால் சிவக்கும், புளிப்புப் பட்டால் மஞ்சளாகும். எலுமிச்சை விட்டும் சிவப்பு அப்படியே நின்றால் பெரும்பாலும் சாயம். பாதி மாறினால் இரண்டும் கலந்தது, அதைச் சாயமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆரத்தித் தண்ணீரும் இதே கதைதான். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்துச் சிவக்க வைத்த தண்ணீர் அது. துணியில் பட்ட ஆரத்திக் கறைக்கும் மஞ்சள் குங்குமத்துக்குச் சொல்லும் வழியே போதும். ஆனால் கோலத்துக்கு ஓரம் கட்டிய காவி வேறு. அது இரும்புச் சத்துள்ள மண். எலுமிச்சையும் வெளுப்பானும் அதை ஒன்றும் செய்யாது. நன்றாகக் காயவிட்டு உலர்ந்த பிரஷ்ஷால் உதிர்த்துவிட்டு, மிச்சத்தை சோப்புத் தண்ணீரால் கழுவுவதுதான் வழி.

வாசல்படி: ஒரு கறையை முழுதாக எடுத்துப் பார்ப்போம்

ஒரு சாதாரண நிலைமையை எடுத்துக்கொள்வோம். சாம்பல் நிறக் கிரானைட் படி. இரண்டு ஓரத்திலும் மண் அகல் வைத்து நல்லெண்ணெய் ஊற்றி ஏற்றியிருக்கிறீர்கள். இரவில் எண்ணெய் கசிந்து, அகலில் வைத்த குங்குமமும் அதோடு இறங்கி, காலையில் உள்ளங்கை அளவுக்குக் கருஞ்சிவப்பு வட்டம்.

முதலில் அகலை நேராக மேலே தூக்குங்கள். இழுத்தால் அடியில் உள்ள எண்ணெய் கோடாகப் பரவும். சுற்றிலும் உலர்ந்து கிடக்கிற குங்குமத் தூளைப் பழைய பெயின்ட் பிரஷ்ஷாலோ காய்ந்த பல் பிரஷ்ஷாலோ ஒரு காகிதத்தின் மேல் தள்ளி எடுங்கள். எண்ணெய்க்கு உள்ளே தள்ளிவிடாமல் வெளிப்பக்கமாகத் தள்ள வேண்டும். பிறகு பழைய பருத்தித் துணியை மடித்து எண்ணெய் மேல் வைத்து அழுத்தி எடுங்கள். தேய்க்க வேண்டாம், ஒற்றினால் போதும். துணியின் புதுப் பக்கத்தை மாற்றி மாற்றி வைத்து, எண்ணெய் ஒட்டாமல் போகும்வரை ஒற்றுங்கள்.

அடுத்து மாவு. அரிசி மாவு, கடலை மாவு, சோள மாவு, டால்கம் பவுடர், சலித்த விறகுச் சாம்பல், எது வீட்டில் இருக்கிறதோ அதைக் கறையின் மேல் விரல் பருமனுக்குக் கொட்டுங்கள். கறையின் ஓரத்தைத் தாண்டி இரண்டு அங்குலமாவது பரவியிருக்க வேண்டும். இல்லையென்றால் எண்ணெய் ஓரத்தில் தப்பித்து வெளியே நகரும். இரண்டு மூன்று மணி நேரம் அப்படியே விடுங்கள். எறும்பு வரும் வீடாக இருந்தால் மாவைவிட டால்கம் அல்லது சாம்பல் நல்லது. பெருக்கி எடுக்கும்போது மாவு கட்டிகட்டியாகி நிறம் மாறியிருந்தால் அது வேலை செய்கிறது என்று பொருள். உடனே இரண்டாவது முறையும் கொட்டுங்கள். மாவு கொட்டியபடியே தூளாகத் திரும்பி வரும்போது மேலாக உள்ள எண்ணெய் முடிந்தது.

இப்போதுதான் ஈரம். பாத்திரம் தேய்க்கும் லிக்விடை ஐந்தாறு சொட்டு நேரடியாகக் கறை மேல் விட்டு, வெதுவெதுப்பான தண்ணீர் கொஞ்சம் தெளித்து, பிரஷ்ஷால் ஓரத்திலிருந்து நடுப்பக்கமாகத் தேய்க்க வேண்டும். நடுவிலிருந்து வெளியே தேய்த்தால் வட்டம் பெரிதாகும். நுரையைத் தண்ணீர் விட்டு ஓட விடாமல் துணியால் ஒற்றி எடுங்கள். சிவந்த நுரை படியெங்கும் ஓடினால் புதிதாக ஒரு கறை உண்டாகும். இரண்டு முறை செய்துவிட்டுச் சுத்தத் தண்ணீரால் துடைத்து, மாலைவரை காய விடுங்கள். லிக்விடுக்குப் பதில் அரப்புத்தூளும் சீயக்காயும் எண்ணெயைப் பிடிக்கும். ஆனால் அவை வெளிர்நிறக் கல்லில் பழுப்பு ஏற்றும். சிமெண்டு மாடிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஈரக் கல் எப்படியும் கருப்பாகத்தான் தெரியும், அதனால் காயாமல் முடிவு சொல்ல முடியாது. காய்ந்த பின்பும் வட்டம் சுற்றியுள்ள கல்லைவிடக் கருத்திருந்தால் எண்ணெய் உள்ளே இருக்கிறது. சந்தேகமாக இருந்தால் கறையிலும் பக்கத்திலும் ஒவ்வொரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். எண்ணெய் இருக்கும் இடத்தில் சொட்டு முத்தாக நிற்கும், பக்கத்தில் பரவி உள்ளே போகும். பளபளவென்று பாலிஷ் போட்ட கல்லில் இரண்டு இடத்திலும் முத்தாக நிற்கலாம். அப்போது நிறத்தைப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

உள்ளே இறங்கிய எண்ணெய்க்குப் பற்று

உள்ளே போன எண்ணெயைத் தேய்த்து எடுக்க முடியாது. வெளியே இழுக்க வேண்டும். அதற்குத் தலைவலிக்குப் போடுவதுபோல ஒரு பற்று போட வேண்டும்.

ஒரு கப் ஆப்ப சோடாவில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, சாய்த்தால் சரிந்து ஓடாத அளவு கெட்டியாகக் குழையுங்கள். கறையையும் அதைத் தாண்டி ஒரு அங்குலத்தையும் மூடும்படி அரை அங்குலக் கனத்துக்குப் பூசுங்கள். மேலே பிளாஸ்டிக் உறையை விரித்து ஓரங்களை டேப்பால் ஒட்டுங்கள். ஒரு நாள் முழுக்க அப்படியே இருக்கட்டும். இந்த நேரத்தில் ஈரம் கல்லுக்குள் போய் எண்ணெயைத் தளர்த்துகிறது. மறுநாள் உறையை எடுத்துவிட்டு, பற்று தானாக முழுதும் காயும்வரை தொடாதீர்கள். உண்மையில் வேலை நடப்பது இந்தக் காயும் நேரத்தில்தான். ஈரம் ஆவியாகும்போது எண்ணெயையும் கூட இழுத்துக்கொண்டு மேலே பற்றுக்குள் வருகிறது. பாதி ஈரத்தில் வழித்தெடுத்தால் இழுத்த எண்ணெய் திரும்ப இறங்கிவிடும். காய்ந்து வெடித்ததும் மரக்கரண்டியாலோ பழைய பிளாஸ்டிக் அட்டையாலோ சுரண்டுங்கள். இரும்புக் கரண்டி வேண்டாம், கீறல் விழும்.

ஒரு முறையில் முழுதும் போகும் என்று எதிர்பார்க்க வேண்டாம். வட்டம் வெளிறியிருந்தால் வழி சரி, இன்னும் ஒன்றிரண்டு தடவை போடுங்கள். இரண்டு முறை போட்டும் நிறம் துளியும் மாறாவிட்டால் அது பழைய, இறுகிப்போன எண்ணெய். அதற்குக் கரைப்பான் சேர்த்த பற்று வேண்டும். முல்தானி மெட்டியை அசிட்டோனில் குழைத்து இதேபோலப் போடுவார்கள். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும். வீட்டில் எங்காவது விளக்கு எரிகிற நாட்களில் அதைத் தொடவே வேண்டாம். பண்டிகை முழுதும் முடிந்த பிறகு, பகலில், கதவு ஜன்னல் திறந்து வைத்துச் செய்யலாம்.

பற்றுக்குப் பின்பும் இளஞ்சிவப்பு மட்டும் மிஞ்சினால் அது எண்ணெய் இல்லை, நிறம். வெளிர்நிறக் கல்லாக இருந்தால் ஹைட்ரஜன் பெராக்சைடு உதவும். மருந்துக் கடையில் பெரும்பாலும் 6% கரைசல் கிடைக்கும். அதில் சம அளவு தண்ணீர் சேர்த்தால் 3% ஆகும். பஞ்சில் நனைத்துக் கறை மேல் 15 நிமிடம் வைத்துத் துடைத்துவிடுங்கள். கருப்பு அல்லது அடர்நிறக் கிரானைட்டில் பெராக்சைடு வேண்டாம், கல்லின் நிறமே வெளுக்கலாம். அங்கே சர்ஜிக்கல் ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் ஒற்றுங்கள். ஸ்பிரிட்டும் தீப்பிடிக்கும் பொருள்தான்.

மற்ற தரைகளுக்கும் வழி இதுவேதான், சின்னச் சின்ன வித்தியாசம் மட்டும் உண்டு. வழவழப்பான டைல்ஸில் பற்று தேவையே இல்லை, மாவும் லிக்விடும் போதும். டைல்ஸ் இடுக்கில் சிவப்புத் தங்கினால் ஆப்ப சோடாவை 3% பெராக்சைடில் குழைத்துப் பல் பிரஷ்ஷால் தடவி, கால் மணி நேரம் கழித்துத் தேய்த்துக் கழுவுங்கள். மொட்டை மாடிச் சிமெண்டு கரடுமுரடு தாங்கும் என்பதால், மாவு போட்டு எடுத்த பிறகு ஒரு லிட்டர் சூடான தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி சலவை சோடா கரைத்து ஊற்றி, பத்து நிமிடம் ஊறவிட்டுக் கட்டைப் பிரஷ்ஷால் தேய்க்கலாம். சலவை சோடா கையை அரிக்கும், ரப்பர் கையுறை போடுங்கள். ரெட் ஆக்சைடுக்கும் ஆத்தங்குடிக் கல்லுக்கும் சலவை சோடா வேண்டாம், மேலே ஏறியிருக்கும் மெருகு போய்விடும். அங்கே மாவும் கொஞ்சம் லிக்விடும் மட்டும்தான். கொஞ்சம் எண்ணெய் நிழல் மிஞ்சினால் பரவாயில்லை. அந்தத் தரைகளைத் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்துப் பளபளப்பாக வைக்கிற வழக்கமே உண்டு, நாளடைவில் அது கலந்துவிடும்.

கழிவறைக்கு வைத்திருக்கும் ஆசிட்டை எந்தத் தரையிலும் ஊற்ற வேண்டாம். அது டைல்ஸ் இடுக்கைக் கரைக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து, ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஒரே இடத்தில் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். மூடிய இடத்தில் அது உயிருக்கே ஆபத்து.

மெழுகு

இப்போது கார்த்திகைக்கு மெழுகு நிரப்பிய அகல்களும் நிறைய வீடுகளில் ஏற்றுகிறார்கள். மெழுகுக்கு வழி இரண்டே படி. முதலில் குளிர வைத்து உடைப்பது, பிறகு சூடாக்கி உறிஞ்ச வைப்பது.

ஐஸ் கட்டிகளை பிளாஸ்டிக் பையில் போட்டு மெழுகு மேல் ஐந்து பத்து நிமிடம் வையுங்கள். மெழுகு வெண்ணிறமாகி நொறுங்கும் தன்மைக்கு வந்ததும் பழைய பிளாஸ்டிக் அட்டையைத் தட்டையாக வைத்துத் தள்ளினால் தகடாக எழும்பி வரும். பெரும்பகுதி இப்படியே போய்விடும். மிச்சம் இருக்கிற மெல்லிய படலத்தின் மேல் இரண்டு மடிப்பு டிஷ்யூவோ பழுப்புக் காகிதமோ வைத்து, மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டியைச் சில நொடிகள் ஓட்டுங்கள். காகிதத்தில் எண்ணெய் பட்டதுபோல் கறை தெரியும், அதுதான் மெழுகு. புதுக் காகிதம் மாற்றி, கறை படாமல் போகும்வரை தொடருங்கள். அச்சடித்த செய்தித்தாள் வைத்தால் மை தரையில் ஏறும். தரை முழுதும் காய்ந்திருக்க வேண்டும், ஈரத் தரையில் இஸ்திரிப் பெட்டி கூடாது. டைல்ஸில் ஹேர் டிரையரால் சூடாக்கி டிஷ்யூவால் ஒற்றினாலும் போதும்.

சுடுதண்ணீர் ஊற்றிக் கரைப்பதை மட்டும் செய்யாதீர்கள். சிமெண்டிலும் கல்லிலும் மெழுகு உருகி இன்னும் ஆழம் போகும். அதோடு உருகிய மெழுகு குழாயில் இறங்கிக் குளிர்ந்ததும் அடைத்துக்கொள்ளும். மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்கும் வழக்கமும் உண்டு. மெழுகு கரையும், உண்மைதான். ஆனால் அந்தக் கரைசலைக் கல் குடித்துவிடும், நாற்றம் பல நாள் போகாது, தீ ஆபத்து வேறு. நிற மெழுகாக இருந்து கடைசியில் நிறம் மட்டும் தங்கினால் ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் ஒற்றி எடுங்கள்.

வெள்ளை வேட்டி, பருத்திச் சேலை

குங்குமம் பட்டதும் கையால் தட்டத் தோன்றும். தட்டினால் தூள் நூலுக்குள் போகும். துணியைக் கழற்றி, கறை கீழ்ப்பக்கம் பார்க்கும்படி பிடித்து உதறுங்கள். மிச்சத் தூளின் மேல் செலோடேப்பை ஒட்டி எடுங்கள். எண்ணெய் இருந்தால் டால்கம் பவுடர் அல்லது சோள மாவு தூவி ஒரு மணி நேரம் வைத்து உதறுங்கள். பிறகு பாத்திரம் தேய்க்கும் லிக்விடைத் தண்ணீர் கலக்காமல் கறையின் பின்பக்கம் தடவி, கால் மணி நேரம் கழித்து, பின்பக்கத்திலிருந்தே குழாய்த் தண்ணீர் பாயும்படி அலசுங்கள். முன்பக்கம் தண்ணீர் விட்டால் கறை துணியைக் கடந்து மறுபக்கம் வரை போகும். வந்த வழியே திருப்பி அனுப்புவதுதான் நோக்கம்.

லிக்விட் அல்லது சோப்புப் பட்டதும் மங்கலான மஞ்சள் கறை சட்டென்று சிவந்தால் பயப்பட வேண்டாம். மேலே சொன்ன மஞ்சளின் குணம்தான் அது, கறை பெருகவில்லை. அதற்கு எலுமிச்சைச் சாறும் தண்ணீரும் சம அளவு கலந்து தடவுங்கள். சிவப்பு மஞ்சளாகும். அலசிவிட்டு, ஈரத்தோடு நேர் வெயிலில் கறை மேலே தெரியும்படி விரித்துப் போடுங்கள். மஞ்சள் நிறம் வெயிலுக்குத் தாங்காது. ஒரு நல்ல வெயில் நாளில் பாதிக்கு மேல் போகும், இரண்டு மூன்று நாளில் காணாமல் போகும். மழைமாதம் என்பதால் வெயிலுக்குக் காத்திருக்க வேண்டியிருக்கலாம். நிழலில் காய்ந்தாலும் கெடுதல் இல்லை, வெயில் வரும் நாளில் திரும்ப நனைத்துப் போடலாம்.

சோதனையில் உங்கள் குங்குமம் சாயம் என்று தெரிந்திருந்தால் எலுமிச்சையில் நேரம் செலவிட வேண்டாம். கறைக்குக் கீழே மடித்த வெள்ளைத் துணி வைத்து, மேலே சர்ஜிக்கல் ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் ஒற்றுங்கள். நிறம் கீழ்த்துணிக்கு இறங்கும். துணி சிவக்கச் சிவக்க இடம் மாற்றிக்கொண்டே இருங்கள். இனி இறங்கவில்லை என்னும் நிலையில், வெள்ளைப் பருத்திக்கு மட்டும், ஆக்சிஜன் பிளீச் தூளை ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி வீதம் கரைத்து ஒன்றிரண்டு மணி நேரம் ஊற வைத்துத் துவையுங்கள். பொட்டலத்தில் அளவு வேறாகச் சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். ஜரிகைக் கரை உள்ள வேட்டி என்றால் கரை தண்ணீரில் படாமல் கறைப் பகுதியை மட்டும் நனையுங்கள்.

துணியில் மெழுகு பட்டிருந்தால் அதே ஐஸ், அதே காகிதம். ஆனால் துணிக்கு மேலும் கீழும் காகிதம் வைத்து இஸ்திரி போட வேண்டும், இல்லையென்றால் உருகியது மறுபக்கம் ஒட்டும்.

ஈரமாக இருக்கும்போது எண்ணெய்க் கறை கண்ணுக்குத் தெரியாது. போய்விட்டது என்று நம்பி இஸ்திரி போட்டால் அந்தச் சூட்டில் கறை நிரந்தரமாகப் படிந்துவிடும். காய்ந்த துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நிழல்போலத் திட்டுத் தெரிந்தால் லிக்விட் தடவுவதிலிருந்து திரும்பத் தொடங்குங்கள்.

பட்டு

பட்டில் நீங்கள் செய்ய வேண்டியது குறைவு, செய்யாமல் இருக்க வேண்டியது அதிகம். பட்டு புரத இழை. சலவை சோடா, துணி சோப்பு, பிளீச் எல்லாம் அதைக் கெடுக்கும். ஈரத்தில் தேய்த்தால் இழை நைந்து, கறை போனாலும் மங்கிய திட்டு நிற்கும். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று இருக்கும் சேலையில் தண்ணீர் பட்டால் கரையின் சாயம் உடலுக்கு இறங்குவதும் உண்டு.

எனவே உலர்ந்த வேலை மட்டும் செய்யுங்கள். குங்குமத்தை உதறி எடுங்கள். எண்ணெய்த் திட்டின் மேலும் கீழும் டால்கம் பவுடர் தூவி, மேலே டிஷ்யூ வைத்து, ஒரு இரவு முழுக்கப் புத்தகம் போன்ற பாரம் ஏற்றி வையுங்கள். காலையில் மென்மையான பிரஷ்ஷால் துடைத்து, தேவைப்பட்டால் புதுப் பவுடர் போட்டு இன்னொரு இரவு. புதிதாகப் பட்ட நல்லெண்ணெயில் பெரும்பகுதி இப்படியே வந்துவிடும். மெழுகை இறுகவிட்டு நகத்தால் மெல்ல உடைத்து எடுங்கள், ஜரிகை மேல் இருந்தால் அதுவும் வேண்டாம். பிறகு டிரை கிளீனிங் கடைதான். கொடுக்கும்போது இது நல்லெண்ணெய், இது குங்குமம், பவுடர் மட்டும் போட்டேன் என்று ஒவ்வொரு இடமாகக் காட்டிச் சொல்லுங்கள். எந்தக் கறை என்று தெரிந்தால்தான் அவர்கள் சரியான கரைப்பானைத் தேர்ந்தெடுக்க முடியும். நீங்கள் எலுமிச்சையோ சோப்போ போட்டுப் பார்த்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

அடுத்த நாள் விளக்குக்கு

பல வீடுகளில் மூன்று நாள் விளக்கு ஏற்றுவார்கள். ஆகவே இரண்டாம் நாள் மாலைக்கு முன் இதைச் செய்துகொள்ளலாம். மண் அகல் கசிவதற்குக் காரணம் அதன் நுண்துளைகள். புது அகல்களை ஏற்றும் முன் சில மணி நேரம் தண்ணீரில் ஊற வைத்து, மேல் ஈரம் போகக் காயவிட்டு எடுத்தால் எண்ணெய் குடிப்பது குறையும். முக்கால் அகல்தான் எண்ணெய் ஊற்றுங்கள். திரி விளிம்பைத் தாண்டித் தொங்கினால் எண்ணெய் அதன் வழியே ஏறி வெளியே சொட்டும், அதனால் நுனி மட்டும் விளிம்பில் தெரியும்படி வையுங்கள். அகலுக்கு அடியில் வாழை இலைத் துண்டோ ஆலிலையோ வைக்கும் வழக்கம் அழகுக்கு மட்டும் இல்லை, அது எண்ணெயையும் தாங்கும். கிரானைட், மார்பிள் படிகளில் இலைக்கும் கீழே ஒரு சின்னப் பித்தளைத் தட்டையோ எவர்சில்வர் தட்டையோ வைத்துவிடுங்கள். பாக்குமட்டைத் தட்டும் காகிதத் தட்டும் வேண்டாம், திரி சரிந்தால் அவை பற்றிக்கொள்ளும். குங்குமப் பொட்டை அகலின் வெளிப்பக்க அடியில் வைக்காமல் விளிம்புக்குச் சற்றுக் கீழே, திரி இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்புறம் வைத்தால் கசிகிற எண்ணெயோடு அது தரைக்கு இறங்காது.